ஏழாம் வரியில் நின்ற ஸ்கூட்டர்

குறிஞ்சிப்பாடியில் கைலி நெசவு செய்யும் என் மாமாவிடம் ஒரு மின்சார ஸ்கூட்டர் இருக்கிறது. 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத சின்ன வண்டி. அந்த வரம்புக்குள் இருப்பதால் அதற்குப் பதிவும் தேவையில்லை, ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. நூல் மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு வடலூர் வரை போய்வர அது அவருக்குப் போதும்.

போன மழைக்காலத்தில் பின் டயர் பஞ்சர் ஆகி, சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு, வண்டிக்கு ஒரு விசித்திரமான குணம் வந்தது. "ஆக்சிலேட்டர முறுக்கினா சில சமயம் அப்படியே நிக்குது. காலால லேசா ஒரு உந்து உந்தினா போயிடுது. போனப்புறம் ஒண்ணும் தொந்தரவு இல்ல. கொஞ்சம் உறுமுது, இழுவையும் கம்மியா இருக்கு" என்றார் மாமா. பேட்டரி நிறைந்திருந்தது. பத்துத் தடவை நிறுத்திக் கிளப்பினால் இரண்டு மூன்று தடவைதான் இப்படி நின்றது.

மோட்டார் கெட்டிருந்தால் எப்போதும் ஓடக்கூடாது. நன்றாக இருந்தால் எப்போதும் ஓட வேண்டும். சில இடத்தில் மட்டும் நிற்பானேன்? அந்த மோட்டார் சுழல்வதே ஒரு சிறிய அட்டவணையைப் பார்த்துத்தான். மொத்தம் எட்டு வரிகள், அதில் ஆறுதான் பயன்படும். அந்த எட்டு வரிகளை அறிந்தவர்களுக்கு மாமாவின் புகாரிலேயே பழுதின் முகவரி இருக்கிறது.

மிக்ஸியில் கார்பன் செய்யும் வேலை

வீட்டு மிக்ஸியில் கார்பன் தேய்ந்துபோனால் மாற்றியிருப்போம். உள்ளே சுழலும் காயிலுக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பது அந்தக் கார்பன் துண்டுகள்தான். அவை உரசும் செம்பு வளையம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். காயில் சுழலச் சுழல ஒரு துண்டு நகர்ந்து அடுத்த துண்டு கார்பனுக்குக் கீழே வரும். மின்சாரம் அடுத்த சுற்றுக்கு மாறும். காயில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிவதும், அதற்கேற்ப மின்சாரத்தை மாற்றிவிடுவதும் அந்த ஓர் உரசலிலேயே நடந்துவிடுகின்றன. விலையாகத் தீப்பொறி, கார்பன் தூள், தேய்மானம்.

ஸ்கூட்டரின் பின்சக்கர ஹப் மோட்டாரில் கார்பன் கிடையாது. அங்கே எல்லாம் தலைகீழ். காயில்கள் நடுவே ஆக்சிலோடு அசையாமல் நிற்கும். அவற்றைச் சுற்றிக் காந்தங்கள் ஒட்டிய வளையம் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். அசையாத காயிலுக்கு வயரை நேராகவே கொடுத்துவிடலாம், உரச வேண்டியதில்லை. ஆனால் காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும். அதைக் கேட்டு மின்சாரத்தை மாற்றவும் ஆள் வேண்டும். முதல் வேலையை ஹால் சென்சார்கள் செய்கின்றன. இரண்டாவதைச் சீட்டுக்கு அடியில் இருக்கும் கண்ட்ரோலர் செய்கிறது. இடையில் இருப்பது அட்டவணை.

மோட்டாரிலிருந்து வெளியே வரும் வயர்களைப் பார்த்தாலே இது தெரியும். தடித்தவை மூன்று: மஞ்சள், பச்சை, நீலம். இவை காயிலுக்குப் போகும் ஃபேஸ் வயர்கள். மெல்லியவை ஐந்து: சிவப்பில் 5 வோல்ட், கறுப்பில் பூஜ்யம், மீண்டும் ஒரு மஞ்சள், பச்சை, நீலம். இந்த மெல்லிய மூன்றும் சென்சார்களின் பேச்சைச் சுமந்து வருபவை.

மௌனமும் ஓர் எண்தான்

மின்சாரம் பாயும் உலோகத் தகட்டின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் தகட்டின் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று 1879இல் கண்டவர் அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஹால். அந்த விளைவைப் பயன்படுத்தும் சிறு சில்லு, மூன்று கால் வைத்த டிரான்சிஸ்டர் போலவே இருக்கும். காந்தத்தின் ஒரு துருவம் எதிரே வந்தால் அது தன் வயரைக் கீழே இழுத்துப் பூஜ்யமாக்கும். எதிர்த் துருவம் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். எதிர்த் துருவம் வந்ததும் பிடியை விட்டுவிடும்.

பிடியை விட்டால் அந்த வயரில் 5 வோல்ட் தெரியும். அந்த 5 வோல்ட்டைச் சென்சார் தருவதில்லை. கண்ட்ரோலருக்குள் இருக்கும் ஒரு மின்தடை வயரை மேலே தூக்கிவைத்திருக்கிறது. ஆகவே 0 என்பது சென்சார் பேசுவது. 1 என்பது அது சும்மா இருப்பது. வயர் நடுவில் அறுந்துபோனாலும் கண்ட்ரோலருக்கு 1 என்றுதான் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்வோம், கதை இங்கேதான் முடியப்போகிறது.

மூன்று சென்சார்களும் சமமான இடைவெளியில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வடதுருவமும் ஒரு தென்துருவமும் கடந்துபோவதை ஒரு முழு வட்டம், அதாவது 360 பாகை என்று வைத்தால், ஒவ்வொரு சென்சாரும் அடுத்ததிலிருந்து 120 பாகை தள்ளி நிற்கிறது. ஒவ்வொன்றும் பாதி வட்டம் 1, பாதி வட்டம் 0. மூன்றையும் சேர்த்துப் படித்தால் வட்டம் ஆறு சம துண்டுகளாக வெட்டுப்பட்டுவிடும். துண்டுக்கு 60 பாகை. ஒவ்வொரு துண்டுக்கும் தனி அடையாளம் கிடைக்கும்:

```
மஞ்சள் பச்சை நீலம்    மின்சாரம் செல்லும் வழி
  1     0    1      மஞ்சள் -> பச்சை
  1     0    0      மஞ்சள் -> நீலம்
  1     1    0      பச்சை  -> நீலம்
  0     1    0      பச்சை  -> மஞ்சள்
  0     1    1      நீலம்  -> மஞ்சள்
  0     0    1      நீலம்  -> பச்சை
```

இடப்பக்கம் சென்சார்கள் சொல்வது. வலப்பக்கம், அப்போது எந்தத் தடித்த வயரில் மின்சாரம் புகுந்து எதன் வழியே வெளியேற வேண்டும் என்பது. மூன்றாவது வயர் அந்த நேரத்தில் ஓய்வெடுக்கும். கடைசி வரி முடிந்ததும் மீண்டும் முதல் வரி. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு இறங்கும்போது இடப்பக்கம் ஒரே ஓர் இலக்கம்தான் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டு இலக்கங்கள் ஒரே சமயத்தில் மாறியதாகத் தெரிந்தால் சக்கரம் அப்படிப் பாய்ந்திருக்க முடியாது. வயரில் ஏதோ இரைச்சல் புகுந்திருக்கிறது. நல்ல கண்ட்ரோலர் அப்படிப்பட்ட வாசிப்பை நம்பாமல் மறுபடி படிக்கும்.

நடை பழகும் குழந்தை

வலப்பக்கம் எப்படி வந்தது? குழந்தை நடை பழகும்போது தாய் எதிரே குந்தி இரு கையையும் நீட்டுவாள். குழந்தை ஓரடி வைத்து நெருங்கும். தொடுவதற்குள் அவள் ஓரடி பின்வாங்குவாள். மோட்டாரில் குழந்தை என்பது காந்தம். தாய் என்பது காயில்கள் உண்டாக்கும் காந்தப்புலம். ஒரு வரியின் தொடக்கத்தில் புலம் காந்தத்துக்கு 120 பாகை முன்னால் நிற்கிறது. காந்தம் இழுபட்டு நெருங்குகிறது. இடைவெளி 60 பாகையாகக் குறைந்த கணத்தில் ஒரு சென்சார் மாறுகிறது, அட்டவணையின் அடுத்த வரி வருகிறது, புலம் 60 பாகை தள்ளிப்போகிறது. இடைவெளி மீண்டும் 120.

சரியாக 90 பாகை முன்னால் நிற்கும்போதுதான் இழுப்பு மிக அதிகம். 120இலிருந்து 60 வரை ஊசலாடுவதால் இழுவை முழு அளவுக்கும் அதில் சுமார் 87 விழுக்காட்டுக்கும் இடையே ஏறி இறங்கும். இந்தச் சிறு நடுக்கம் ஆறடி முறையின் பிறவிக்குணம். மெதுவாகப் போகும்போது கேட்கும் மெல்லிய ரீங்காரம் அதனால்தான். அதைப் போக்க வேண்டுமானால் மூன்று வயர்களிலும் ஒரே சமயத்தில் அலை வடிவில் மின்சாரம் கொடுக்க வேண்டும். அதற்குத் துண்டின் எண் மட்டும் போதாது, துண்டுக்குள் காந்தம் எங்கே இருக்கிறது என்ற கணக்கும் வேண்டும். விலை கூடிய வண்டிகள் அப்படிச் செய்கின்றன. மாமாவின் வண்டிக்கு ஆறடி போதும்.

இனி அளவைப் பார்ப்போம். இந்த வகை ஹப் மோட்டார்களில் 46 காந்தங்கள் வைப்பது வழக்கத்தில் உள்ள ஓர் அமைப்பு. 46 என்றால் 23 ஜோடி. ஆகச் சக்கரம் ஒரு தடவை சுற்றினால் அட்டவணை 23 தடவை மேலிருந்து கீழ்வரை படிக்கப்படும்: மொத்தம் 138 அடிகள். டயரின் சுற்றளவு 1.3 மீட்டர் என்று வைத்தால் ஓர் அடிக்கு வண்டி நகர்வது 9.4 மில்லிமீட்டர், ஒரு சுண்டுவிரல் அகலம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குச் சுமார் 740 அடிகள். ஓர் அடிக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 1.4 மில்லிவினாடி. கண்ட்ரோலரில் உள்ள மலிவான சில்லுக்குக்கூட அது தாராளமான நேரம்; ஏனென்றால் அது கணக்கு எதுவும் போடுவதில்லை, பார்த்துப் படிக்கிறது, அவ்வளவுதான்.

எட்டு வரி

ஒவ்வொரு தடித்த வயருக்கும் இரண்டு மாஸ்ஃபெட் சுவிட்சுகள் உண்டு. ஒன்று வயரைப் பேட்டரியின் நேர்முனையோடு சேர்க்கும், மற்றது எதிர்முனையோடு சேர்க்கும். மூன்று வயருக்கு ஆறு சுவிட்சுகள். ஆறு இலக்கங்களில் எழுதிவிடலாம். மேலே உள்ள அட்டவணையை நிரலாக்கினால் இவ்வளவுதான் வரும்:

```c
// bits: AH AL BH BL CH CL
const uint8_t table[8] = {
  0x00, 0x06, 0x18, 0x12,
  0x21, 0x24, 0x09, 0x00
};
h = (H1 << 2) | (H2 << 1) | H3;
gates = table[h];
```

`A` மஞ்சள், `B` பச்சை, `C` நீலம். `H` மேல் சுவிட்சு, `L` கீழ் சுவிட்சு. சென்சார்கள் 101 என்றால் அது ஐந்து. ஐந்தாம் இடத்தில் இருப்பது `0x24`, அதாவது 100100. மஞ்சளின் மேல் சுவிட்சும் பச்சையின் கீழ் சுவிட்சும் மூடுகின்றன. மின்சாரம் மஞ்சளில் புகுந்து பச்சையில் வெளியேறுகிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் இந்த வரி மாறாது. அந்தச் சுவிட்சுகளில் ஒன்றை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி, மூடியிருக்கும் நேரத்தின் விகிதத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் ஆக்சிலேட்டரின் வேலை. எந்த வழியில் என்பதை அட்டவணை முடிவுசெய்கிறது, எவ்வளவு என்பதைக் கை முடிவுசெய்கிறது.

அட்டவணைக்குள் ஒரு காவலும் இருக்கிறது. ஒரே வயரின் மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் சேர்ந்து மூடினால் பேட்டரியின் இரு முனைகளும் நேருக்கு நேர் மோதி மாஸ்ஃபெட் கருகிவிடும். எந்த வரியிலும் அப்படி இரண்டும் சேர்ந்து வரவில்லை. அது மட்டுமா? எந்த வயரும் புகும் வழியிலிருந்து வெளியேறும் வழிக்கு நேரடியாக மாறுவதும் இல்லை. இடையில் ஓரடி ஓய்வெடுத்த பிறகே மாறுகிறது.

மூன்று இலக்கங்களில் எட்டு எண்கள் வரும்; வட்டத்தில் இருப்பதோ ஆறு துண்டுகள். மிஞ்சிய இரண்டு, 000உம் 111உம், அதாவது பூஜ்யமாம் வரியும் ஏழாம் வரியும். மூன்று சென்சார்களும் ஒரே பதிலைச் சொல்வது இந்த மோட்டாரில் நடக்கவே முடியாத காரியம். அதனால் அந்த இரண்டு வரிகளில் `0x00` எழுதியிருக்கிறது: எல்லாச் சுவிட்சையும் திறந்துவிடு, மின்சாரம் வேண்டாம்.

ஒரு வயர் அறுந்தால்

இப்போது மாமாவின் வண்டிக்கு வருவோம். மஞ்சள் சென்சாரின் மெல்லிய வயர் அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கண்ட்ரோலருக்கு மஞ்சள் எப்போதும் 1. உண்மையிலேயே மஞ்சள் 1 ஆக இருக்க வேண்டிய முதல் மூன்று துண்டுகளில் ஒரு குறையும் இல்லை. வண்டி வழக்கம்போல் இழுக்கும். சிக்கல் அடுத்த மூன்றில்.

நான்காவது துண்டின் உண்மையான எண் 010. கண்ட்ரோலர் படிப்பது 110, அதாவது முந்தைய வரியையே. தாய் பின்வாங்க மறந்து அங்கேயே குந்தியிருக்கிறாள். குழந்தை நெருங்க நெருங்க இழுப்பு குறைந்து, துண்டின் முடிவில் அவள் மடியிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கே இழுப்பு பூஜ்யம்.

ஐந்தாவது துண்டு 011. படிப்பது 111. நடக்கவே முடியாத எண் நடந்துவிட்டது. ஏழாம் வரியைப் பார்த்துக் கண்ட்ரோலர் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது.

ஆறாவது துண்டு 001. படிப்பது 101, அதாவது அடுத்த வரி. தாய் முந்திக்கொண்டு 180 பாகை தள்ளி, குழந்தையின் முதுகுப்பக்கம் போய் நிற்கிறாள். அங்கே தொடக்கத்தில் இழுப்பே இல்லை. காந்தம் நகர நகரத்தான் மெல்லக் கூடும்.

ஆக ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு துண்டு முழுச் சாவு, அதன் இரு பக்கமும் அரை உயிர். மூன்று துண்டுகள் முழு இழுவை, இரண்டு பாதி இழுவை, ஒன்று பூஜ்யம். கூட்டிப் பார்த்தால் மொத்த இழுவை மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. "இழுவை கம்மி" என்று மாமா சொன்னது இதைத்தான். ஓடும் வண்டி தன் வேகத்தாலேயே அந்த ஒரு சென்டிமீட்டர் பள்ளத்தைத் தாண்டிவிடும். முழு வேகத்தில் வினாடிக்குச் சுமார் 120 தடவை தாண்டுகிறது. அந்தத் தாண்டல்தான் உறுமல். வண்டியை நிறுத்தும்போது சக்கரம் தற்செயலாகச் சாவுத் துண்டிலோ அதன் ஓரத்திலோ நின்றால் முறுக்கியும் பயனில்லை. காலால் உந்தினால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் நல்ல துண்டு வந்துவிடும், வண்டி கிளம்பிவிடும். சில கண்ட்ரோலர்கள் 111ஐக் கண்டதும் பழுது என்று அறிவித்து முழுதாகப் பூட்டிக்கொள்ளும். அவற்றில் இந்த உந்தல் பலிக்காது.

மல்ட்டிமீட்டரும் கையும்

மாமாவை அழைத்துக்கொண்டு வடலூர் சாலையில் தெரிந்த ஒரு மெக்கானிக் தம்பியிடம் போனேன். அவர் அட்டவணை எதையும் பார்க்கவில்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சாவியைத் திருகி, மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையை மெல்லிய கறுப்பு வயரில் வைத்தார். சிவப்பு முனையைக் கப்ளரின் பின்பக்கமாகப் பச்சையில் செருகி, சக்கரத்தைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினார். முள் தாவுவதுபோல 0, 5, 0, 5 என்று மாறியது. நீலமும் அப்படியே. மஞ்சள் மட்டும் 5 வோல்ட்டிலேயே நின்றது.

"மூணுமே 5ல நின்னா செவப்பு, கறுப்ப பாக்கணும் சார். சென்சாருக்கு கரண்டே போகலன்னு அர்த்தம். ஒண்ணு மட்டும் நின்னா ஒண்ணு சென்சார் போயிருக்கணும், இல்ல அந்த வயர் போயிருக்கணும்" என்றவர், நேரே ஆக்சில் முனைக்குப் போனார். வயர் கட்டு முழுவதும் ஆக்சிலின் துளை வழியாகத்தான் வெளியே வருகிறது. அந்த இடத்தில் வயரை லேசாக ஆட்டிக்கொண்டே சுற்றியபோது மஞ்சள் ஒரு கணம் பூஜ்யத்துக்கு இறங்கி மீண்டது. வாஷருக்கு அடியில் வயர் நசுங்கி, உள்ளே செம்பு இழை ஒன்றிரண்டு மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தது. பஞ்சர் பார்த்துச் சக்கரத்தை மாட்டி நட்டு முறுக்கியபோது நேர்ந்தது.

வயர் அறுந்ததோடு போனது நல்லதாயிற்று. அதே இடத்தில் தோல் உரிந்து, 48 வோல்ட் பாயும் தடித்த வயரைத் தொட்டிருந்தால் சென்சார் கருகியிருக்கும். பிறகு மோட்டாரைப் பிரிக்க வேண்டும். அதில் ஒரு நுட்பம் உண்டு. 23 ஜோடிக் காந்தம் என்பதால் சக்கரத்தில் ஒரு பாகை, மின் வட்டத்தில் 23 பாகை. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மோட்டாரில் ஒரு பாகை என்பது ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர். புதுச் சென்சாரை அவ்வளவு தள்ளி ஒட்டினாலே புலம் துண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறிப்போகும். அதனால்தான் சென்சாருக்கென்றே இரும்பில் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். முகம் திருப்பி ஒட்டினால் அதன் 0உம் 1உம் இடம் மாறும். நடக்கக்கூடாத 000உம் 111உம் வட்டத்துக்குள் நுழைந்துவிடும்.

கண்ட்ரோலரை மாற்றுபவர்களுக்கு வேறொரு பொறி. நிறத்துக்கு நிறம் சேர்த்தால் ஓடும் என்று உறுதியில்லை; ஒவ்வொரு தயாரிப்பாளரும் நிறங்களை வேறு வரிசையில் வைத்திருக்கலாம். மெல்லிய மூன்றை ஆறு விதமாகவும் தடித்த மூன்றை ஆறு விதமாகவும் மாட்டலாம், மொத்தம் 36. அதில் ஆறுதான் சரி: மூன்று முன்னோக்கி, மூன்று பின்னோக்கி. ஏமாற்றும் இணைப்புகளும் உண்டு. தாய் நிற்க வேண்டிய இடத்திலிருந்து 120 பாகை விலகி நிற்பாள். சக்கரம் முரட்டுத்தனமாகச் சுற்றத்தான் செய்யும். சக்கரத்தைத் தூக்கிவைத்துச் சுற்றவிட்டு மின்சாரத்தை அளந்தால் குட்டு வெளிப்படும். சரியான இணைப்பில் ஓரிரு ஆம்பியர் போகும் இடத்தில் பொய் இணைப்பு பல மடங்கு குடித்து மோட்டாரைச் சுட வைக்கும்.

தம்பி மஞ்சள் வயரை வெட்டிச் சேர்த்துப் பற்றவைத்து, மேலே குழாய் மாட்டிச் சுருக்கி, இம்முறை வாஷருக்கு வெளியே வயரை வளைத்துவிட்டார். பிறகு மஞ்சளில் மீட்டரை வைத்துச் சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். எத்தனை தடவை பூஜ்யத்துக்கு இறங்குகிறது என்று நான் எண்ணினேன். இருபத்து மூன்று.

மாமா வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முறுக்கினார். கிளம்பியது. நிறுத்தினார், ஒரு விரலளவு தள்ளினார், மறுபடி முறுக்கினார். ஆறு தடவை அப்படிச் செய்தார். ஆறு தடவையும் கிளம்பியது.